முதல் வரியிலிருந்தா, அமைப்பிலிருந்தா?

குழம்பிய 8 பக்கச் சிற்றேட்டு வரைவு. நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். முதல் வரியிலிருந்து பிழை திருத்திக்கொண்டே போவது ஒரு வழி. வேலை நகர்வதுபோல் தோன்றும். ஆனால் 3ஆம் பக்கத்தில் மெருகேற்றிய பத்தியே 6ஆம் பக்கத்தில் வேறு சொற்களில் இருப்பது பிறகுதான் தெரியவரும். ஒன்றை வெட்டியாக வேண்டும், உழைப்போடு சேர்த்து.

முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, நீக்கலையும் இடமாற்றத்தையும் முதலில் முடிப்பதே என் தேர்வு. நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் சிற்றேட்டில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே அமையும். ஒன்பதாம் பக்கத்துக்கு வழியும் பத்திகளை அப்போதே குறைத்துவிடலாம். முன்னட்டையில் ஒரு விலை, உள்ளே வேறு விலை என்பது போன்ற முரண்களைத் தொகுத்து வாடிக்கையாளரிடம் உடனே கேட்க வேண்டும். பதில் வரும்வரை எழுத்துப்பிழைகளைப் பார்க்கலாம்.

ஒற்றைப் பக்கத் துண்டறிக்கைக்கு முதல் வழியே போதும்.