கருப்புக் காபியா, பால் காபியா: எலும்பு போடும் கணக்கு

காபி குடித்தால் எலும்பு தேயும் என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காஃபீன் உள்ளே போனதும் சில மணி நேரத்துக்குச் சிறுநீரில் கால்சியம் சற்றுக் கூடுதலாகப் போகிறது. உணவிலிருந்து குடல் எடுத்துக்கொள்ளும் கால்சியமும் லேசாகக் குறைகிறது. சரி, எவ்வளவு குறைகிறது? எலும்பு ஆய்வாளர் ராபர்ட் ஹீனியின் குழு பெண்களிடம் அளந்து பார்த்து 1990களில் வெளியிட்டது. சுமார் 180 மி.லி. கோப்பை ஒன்றுக்கு, உடலின் கால்சிய இருப்பில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இறங்கியது.

ஒருவர் தினம் மூன்று கோப்பை கருப்புக் காபி குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இழப்பு 15 மில்லிகிராம். இன்னொருவர் அதே மூன்று கோப்பையில் ஒவ்வொன்றிலும் 50 மி.லி. பால் ஊற்றுகிறார். 100 மி.லி. பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் உடலில் சேரும். அப்படிப் பார்த்தாலும் அவருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வரவு. இழப்பைக் கழித்தால் 35 மீதி. வெறும் ஈடு கட்ட மட்டும் என்றால் கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி பால் போதும். இவ்வளவு பயமும் ஒரு கரண்டிப் பாலில் அடங்கிவிடுகிறது!

அதற்காகக் கருப்புக் காபியை வில்லனாக்க நான் தயாரில்லை. ஸ்வீடனில் 60,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தினம் நான்கு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி, ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட 2 முதல் 4 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் எலும்பு முறிவு கூடவில்லை. மோர், தயிர், கீரை, மீன் என்று வேறு வழியில் கால்சியம் போதுமான அளவு சேர்ந்தால் கருப்புக் காபியின் 15 மில்லிகிராம் ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல் வேறொரு ஆளுக்கு: மாதவிடாய் நின்ற வயது, நாளுக்குத் தேவையான 1,000 முதல் 1,200 மில்லிகிராமில் பாதிகூடச் சாப்பாட்டில் வராது, முன்பு பால் குடித்த நேரத்தில் இப்போது காபி. இவருக்கு இழப்பைவிட, ஒரு டம்ளர் பால் நின்றுபோனதுதான் பெரிய அடி. அதில் மட்டும் 240 மில்லிகிராம் போயிற்றே. காஃபீன் நீக்கிய காபிக்கு மாறினாலும் அந்த 240 திரும்பி வராது.

பாலுக்குப் பதில் சோயா, பாதாம் பால் ஊற்றுபவர்கள் கால்சியம் சேர்த்த வகையா என்று அட்டையில் பார்க்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றும் முன் டப்பாவை நன்றாகக் குலுக்கவும் வேண்டும். காபியை வெளுப்பாக்கும் கிரீமர் பொடி பால் மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் குளுக்கோஸ் சிரப்பும் எண்ணெயும்தான். கால்சியக் கணக்கில் அதுவும் கருப்புக் காபிதான்.