கையில் 30 லட்சம்: மாதம் எவ்வளவு வரும், எத்தனை வருஷம் வரும்?

எங்கள் சித்தப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனார். தனியார் கம்பெனி, பெயருக்குக்கூடப் பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 30 லட்சம் கையில் வந்தது. தஞ்சாவூரில் சொந்த வீடு, சித்தியும் அவரும் மட்டும்தான். "மாசம் இருபதாயிரம் வந்தாப் போதும்டா, முதலைத் தொடாம" என்றார். அவருக்காக மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி, எல்லாரும் சொல்வது: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அதாவது எஸ்.சி.எஸ்.எஸ். 60 வயது ஆனவர்கள் தபால் ஆபீஸிலோ பேங்க்கிலோ போடலாம், ஒருவருக்கு 30 லட்சம் வரை. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது, இந்தக் கணக்கு முழுக்க அதையேதான் எடுத்துக்கொள்கிறேன். 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500, மாதத்துக்குப் பிரித்தால் 20,500. சித்தப்பா கேட்டதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் பணம் மாதாமாதம் வராது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில்தான் வரும். இது பெரிய தொந்தரவு இல்லை. வட்டி ஒரு சேமிப்புக் கணக்கில் விழட்டும், அங்கிருந்து மாதாமாதம் செலவுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி பேங்க்கில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, பேங்க்கில் மாத வட்டி எஃப்.டி. இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பேங்க் 7 சதவீதம் என்று போட்டிருப்பது காலாண்டு வட்டிக்கு. மாதாமாதம் வேண்டும் என்றால் முன்கூட்டியே தருகிறோம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். 20 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் நேர்க்கணக்கு 11,667, கையில் வருவது 11,599. சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் பாஸ்புக்கைப் பார்த்து "குறைச்சுட்டான்" என்று கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டமும் இந்த வகைதான், 7.4 சதவீதம். ஒருவருக்கு 9 லட்சம், ஜாயின்ட்டாகப் போட்டால் 15 லட்சம் என்ற வரம்பு இருப்பதால் 30 லட்சமும் அதில் அடங்காது. 60 வயது ஆகாதவர்களுக்கு நல்லது, சித்தப்பாவுக்கு எஸ்.சி.எஸ்.எஸ்.ஸே மேல்.

மூன்றாவதுதான் ஆளை மயக்குகிற வழி, ஆன்யூட்டி டெபாசிட். சில பேங்க்குகளில் உண்டு, பத்து வருஷம் வரை போடலாம். 30 லட்சத்தை 7 சதவீதத்தில் 120 மாதத்துக்குப் போட்டால் மாதம் சுமார் 34,800 வரும். சித்தப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுலதான் வட்டி ஜாஸ்தியா இருக்கே!" இல்லை. முதல் மாதம் வரும் 34,800-இல் வட்டி 17,500தான், மீதி அவருடைய சொந்த முதல். வீட்டுக் கடனின் இ.எம்.ஐ.யைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான். பத்தாவது வருஷக் கடைசியில் வருமானமும் நிற்கும், முதலும் இருக்காது. அப்போது அவருக்கு 70 வயதுதான். 70-ஐத் தாண்டி பென்ஷன் வரப்போகிறவர், நடுவில் ஒரு பத்து வருஷத்தைக் கடக்க வேண்டியவர் என்றால் சரி. வேறு வருமானமே இல்லாதவருக்கு இது ஆகாது.

அப்போ முதல் வழி, முடிந்தது விஷயம் என்று நினைத்தால், அதிலும் ரெண்டு ஓட்டை இருக்கிறது.

ஒன்று விலைவாசி. வருஷம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று 20,000-இல் ஓடுகிற வீட்டுக்கு அடுத்த வருஷம் 21,200 வேண்டும், ஆனால் வட்டி அதே 20,500. ரெண்டாம் வருஷமே துண்டு விழுகிறது. 12 வருஷம் கழித்து அதே குடும்பத்துக்கு 40,000 வேண்டும். முதல் 30 லட்சம் அப்படியே இருக்கிறதே என்று திருப்திப்படலாம், ஆனால் வட்டி பாதி மாதத்துக்குத்தான் வரும். துண்டு விழுவதையெல்லாம் முதலில் இருந்து எடுத்து, செலவைக் குறைக்காமல் ஓட்டினால், 8.2 சதவீதமே கிடைத்தாலும் 30 லட்சம் 14, 15 வருஷத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று புதுப்பிக்கும்போது வரும் அடி. போட்ட அன்றைய வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது, அதற்குப் பிறகு அன்றைய விகிதம்தான். 2015 நடுவில் 15 லட்சம் போட்டவருக்கு (அப்போது வரம்பே அவ்வளவுதான்) 9.3 சதவீதம், காலாண்டுக்கு 34,875 வந்தது. 2020 நடுவில் முதிர்ந்தபோது விகிதம் 7.4. அதே பணத்துக்கு 27,750. மாதக் கணக்கில் 2,375 குறைந்துவிட்டது, அதுவும் ஐந்து வருஷ விலையேற்றத்துக்குப் பிறகு.

இதற்கெல்லாம் எனக்குத் தெரிந்து ஒரே மருந்து, ஆரம்பத்தில் வட்டி முழுவதையும் தின்னாமல் இருப்பது. மாதம் 20,000-க்குப் பதில் 15,000-இல் ஆரம்பித்து, வருஷம் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால், 8.2 சதவீதத்தில் அதே 30 லட்சம் 20, 21 வருஷம் வருகிறது. சராசரியாக 7தான் கிடைத்தது என்றால் 18, 19 வருஷம். ஐயாயிரம் குறைத்ததற்கு ஐந்தாறு வருஷம் கூடுகிறது. முதல் வருஷங்களில் மிச்சம் பிடித்தது வட்டி மேல் வட்டி போடுவதால்தான் இந்தப் பலன். ஒரு எச்சரிக்கை: எஸ்.சி.எஸ்.எஸ். வட்டியை எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்கு வட்டி வராது, வெளியே எடுத்து வேறெங்காவது போட்டாக வேண்டும்.

சித்தப்பா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் சித்திதான் "பதினஞ்சுல ஓட்டலாம், வாங்க" என்றார். 22 லட்சம் எஸ்.சி.எஸ்.எஸ்., காலாண்டுக்கு 45,100, மாதம் 15,000 வந்துவிடும். மீதி 8 லட்சம் வட்டி எடுக்காத எஃப்.டி., ரெண்டு பேங்க்கில் நாலு நாலாக, ஏனென்றால் டெபாசிட் காப்பீடு ஒரு பேங்க்குக்கு 5 லட்சம்தான். 7 சதவீதத்தில் ஐந்து வருஷத்தில் அது 11.3 லட்சம் ஆகும், செலவு 20,000-ஐத் தொடும் நேரத்தில் கைகொடுக்கும். 22 லட்சத்தையும் ஒரே கணக்கில் போடவில்லை; 10, 6, 6 என்று மூன்று கணக்கு. இந்தத் திட்டத்தில் பாதிப் பணம் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும், ரெண்டு வருஷத்துக்குப் பிறகு மூடினாலும் 1 சதவீதம் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் 6 லட்சக் கணக்கை மூடி 6,000 இழக்கலாம், மொத்தத்தையும் மூடி 22,000 இழக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 20-இல் போட்டோம். அக்டோபர் முதல் தேதி போன்: "என்னடா, நாப்பத்தஞ்சாயிரம்னு சொன்னே, இருபதாயிரத்துச் சொச்சம்தான் ஏறியிருக்கு!" போட்ட நாளில் இருந்து செப்டம்பர் 30 வரைக்குமான வட்டிதான் முதல் தடவை வரும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜனவரியில் முழுசாக 45,100 ஏறியது.