ஊருக்கு ஒரு செட்டிங், ஹைவேக்கு ஒரு செட்டிங்

பின் பம்பரை மாற்றி வண்டியை வெளியே எடுத்த அன்றே தர்மபுரி மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, அந்த பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை சமாச்சாரத்துக்காக டாப் மாடல் எடுக்கலாமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பின் பம்பரின் இரண்டு மூலைகளுக்குள்ளும் ஆளுக்கொரு ரேடார் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து லேனில் நம் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் ஒரு வண்டி வந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் விளக்கு எரியும். அந்த நேரம் அதே பக்கம் இண்டிகேட்டர் போட்டால்தான் விளக்கு மின்னி, சத்தமும் வரும். இண்டிகேட்டர் போடும் பழக்கமே இல்லாதவருக்கு வெறும் விளக்குதான். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அதே ரேடார்கள் பின்னால் குறுக்கே வருகிற வண்டிகளைக் கவனிக்கத் தொடங்கும்.

தொப்பூர் இறக்கத்தில் இதன் அருமை தெரியும். ஊர்ந்து இறங்கும் லாரிகளைத் தாண்டிவிட்டு இடது லேனுக்குத் திரும்ப நினைக்கும்போது, அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் நுழைந்துவிட்ட பைக்கை இடது விளக்குதான் எனக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல மனசு வரவில்லை.

எரிச்சல் ஊருக்குள் வந்ததும் ஆரம்பிக்கிறது. கிருஷ்ணகிரி பெங்களூரு ரோட்டில் கடை வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பைக், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் என்று ஓயாமல் போகும், பீப்பும் ஓயாது. சரி, குறைக்கலாம் என்று திரையில் Driver Assistance உள்ளே போனால் இரண்டு இடங்கள் இருக்கின்றன. Warning Volume சத்தத்தை மட்டும் மாற்றும். Warning Timing-இல் Standard, Late என்று இரண்டு. Late வைத்தால் ரேடாரின் பார்வை குறையாது. நெருங்கி வரும் வண்டியைப் பற்றி நம்மிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போடும். தேவையில்லாத கூச்சலுக்கு சரியான மருந்து இதுதான். வால்யூமைக் குறைத்தால் கூச்சலோடு சேர்ந்து தேவையான எச்சரிக்கையும் காதில் விழாமல் போகும்.

கோபம் எங்கே என்றால், என் வண்டியில் இந்த இரண்டும் எல்லா எச்சரிக்கைகளுக்கும் பொது. ரிவர்ஸுக்காக Late வைத்தால் ஹைவேயில் பிளைண்ட் ஸ்பாட்டும் தாமதமாகச் சொல்லும். நான் 70-இல் போகும்போது பின்னால் ஒருவர் 110-இல் வந்தால், நொடிக்குப் பதினோரு மீட்டர் நெருங்குகிறார். அங்கே அரை நொடியும் காசுதான். அதனால் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது Standard, ஊருக்குள் நுழையும்போது Late என்று மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ரிவர்ஸுக்குத் தனியாக ஒரு வரி வைக்க இவர்களுக்கு என்ன கஷ்டமோ!

இன்னொன்று: சத்தம் வரவில்லை என்றால் பாதை காலி என்று அர்த்தம் இல்லை. பக்கத்தில் ஒரு மினி லாரி நின்றால் ரேடார் அதை ஊடுருவிப் பார்க்காது. 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் நொடிக்குப் பத்து மீட்டர் நகரும். லாரி மறைப்பைத் தாண்டி எட்டு மீட்டர் தொலைவில்தான் அது ரேடாருக்குத் தெரிகிறது என்றால், நமக்குக் கிடைப்பது ஒரு நொடி கூட இல்லை. அந்த நேரத்தில் Standard-ஆ Late-ஆ என்பதே முக்கியமில்லை. சாய்வாக நிறுத்தினாலும் ஒரு பக்கம் பார்வை குறுகிவிடும். முடிந்தால் ரிவர்ஸில் உள்ளே விட்டு, முன்பக்கமாக வெளியே வருவதே மேல்.

இப்போது பம்பர் கதை. மாம்பழ சீசனில் ஒரு டிராக்டர் இடது மூலையை உரசியது. முதலில் போன பட்டறையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனால் கண்ணாடியில் இடது விளக்கு மட்டும் தாமதமாகவே எரிந்தது. சந்தேகம் தீர, காலி மைதானத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் கியரில் நின்றேன். பையன் பைக்கில் பின்னால் ஒருமுறை வலமிருந்து, ஒருமுறை இடமிருந்து ஒரே வேகத்தில் குறுக்கே போனான். வலது பக்கம் தூரத்திலேயே கத்தியது. இடது பக்கம் பைக் பம்பர் மூலைக்கு வந்த பிறகுதான் விழித்தது. வேறு இடத்தில் பம்பரைக் கழற்றினால், ரேடாருக்கு நேரே கெட்டியான பட்டிப் பூச்சு, அதைத் தாங்கும் பிராக்கெட்டும் வளைந்திருந்தது. புது பம்பர், புது பிராக்கெட், அப்புறம் ஸ்கேனர் வைத்து அளவு சரிபார்ப்பு. பில் தொகையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

ஆக மச்சான், இதற்காக மட்டும் டாப் மாடலுக்கு அவ்வளவு காசு கொடுக்காதீங்க. நான் அடுத்த வண்டி எடுத்தால் இது இல்லாமல் எடுக்க மாட்டேன், அது வேற விஷயம்.