ஏழாவது கம்பம்

மூன்று வருடம் கழித்து மெல்போர்னிலிருந்து கடலூர் வந்தேன். இந்தப் பயணத்தில் மனதில் தங்கியது ஒரு மழை ராத்திரிதான்.

ஐப்பசி அடைமழையில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவின் 14 விளக்கும் ஒரேயடியாக அணைந்துவிட்டன. வீடுகளில் கரண்ட் இருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், சாக்கடை எங்கே என்று தெரியாத இருட்டு. நான்கு முறை போன் செய்தேன். "ஆள் வருவாரு" என்ற ஒரே பதில். தானே புயலில் பல நாள் இருட்டில் கிடந்த ஊர் இது. இன்னமும் இப்படியா என்று வயிறெரிந்தது.

மூன்றாம் நாள் இரவு பத்தரைக்கு, மழை விட்டதும் ஒரு அண்ணன் உதவியாளோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து ஃபியூஸ் போட்டார். டப்பென்று போனது. திரும்பக் கம்பி கட்டாமல், பையிலிருந்து 100 வாட் குண்டு பல்பை எடுத்து ஃபியூஸ் இருந்த இடத்தில் மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"லைன்ல ஷார்ட் இருக்கு சார். அந்தப் பக்கத்தைக் கழட்டிட்டா இது மங்கிடும்."

14 கம்பத்திலும் ஏறவில்லை. ஏழாவது கம்பத்தைத் தாண்டி விளக்குக் கம்பியைப் பிரித்தார், பல்பு மங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு முதல் ஏழுக்குள். நாலாவதைத் தாண்டிப் பிரித்தார்; மங்கியது. அதைச் சேர்த்துவிட்டு ஆறாவதைத் தாண்டிப் பிரித்தபோதும் மங்கல்தான். மிச்சம் ஏழாவது.

வீட்டு லைனும் அதே கம்பங்களில்தான் போகிறது. அதனால் ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கச் சொன்னார். கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகே கை வைத்தார். தெருவே நான்கு முறை இருண்டது. "சீரியல் நேரத்துல இது என்னடா" என்று யாரோ திண்ணையிலிருந்து கத்தினார்கள். அவர் திரும்பவே இல்லை.

ஏழாவதில் விளக்கைத் தாங்கும் இரும்புக் குழாயின் வாயில் வயர் உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது. காய்ந்திருக்கும்போது தாங்கிய வயர், நனைந்ததும் உள்ளேயே கருகிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் காட்டினார்: ஒரு விரல் நீளம், கரிக்கட்டை மாதிரி. அதை வெட்டிவிட்டுப் புது வயர் போட்டார். இனி உரசக் கூடாதென்று குழாய் வாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டினார். பிரித்த கம்பிகளையெல்லாம் சேர்த்துவிட்டு ஃபியூஸைச் செருகினார். இந்த முறை நின்றது.

14 விளக்கும் ஒன்றாக எரிந்தபோது மணி பன்னிரண்டே கால். மெல்போர்னில் என் வீட்டெதிரே அணைந்த விளக்கை ஒன்பது நாளில் சரிசெய்தார்கள். செய்தவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இங்கே அம்மா சுக்குக் காப்பியோடு வாசலில் நின்றாள்.

"குடிச்சிட்டுப் போப்பா."

"பக்கத்துத் தெருவும் இருட்டுமா. முடிச்சிட்டு வரேன்." ஏணி போய்விட்டது. அம்மா காப்பியை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.