டிலே நேரம்: சிங்க்கா, மில்லி செகண்டா, டேப்பா?

டிலேயின் எக்கோ தாளத்தோடு விழ மூன்று வழிகள் உண்டு. ப்ளக்இன்னில் சிங்க்கை ஆன் செய்து `1/4`, `1/8D` என்று தேர்ந்தெடுக்கலாம். மில்லி செகண்டைக் கணக்குப் போட்டு நாமே அடிக்கலாம். டேப் பட்டனைத் தாளத்துக்குத் தட்டலாம். கிளிக் போட்டு ரெக்கார்ட் செய்த பாட்டு என்றால் என் ஓட்டு சிங்க்குக்குத்தான்.

கணக்கு சுலபம். `60000 ÷ BPM` என்பது ஒரு பீட்டின் நீளம். 96 பிபிஎம் பாட்டில் அது 625 மில்லி செகண்ட். `1/8D` முக்கால் பீட், அதாவது 468.75. இதைக் கையால் அடித்தாலும் சிங்க்கில் வைத்தாலும் காதுக்கு ஒன்றுதான்.

டெம்போவை மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். அதே பாட்டை 100 பிபிஎம்முக்கு ஏற்றினால் ஒரு பீட் 600 ஆகிவிடும். சிங்க் தானாகப் பின்தொடரும்; கையால் அடித்த 625 அப்படியே நிற்கும். முதல் எக்கோ 25 மில்லி செகண்ட்தான் பிந்தும், பாட்டின் நெரிசலில் அது எளிதில் பிடிபடாது. ஆனால் ஒவ்வொரு எக்கோவும் முந்தைய எக்கோவிலிருந்து பிறப்பதால் பிசகும் கூடிக்கொண்டே போகும். நான்காவது எக்கோ 100 மில்லி செகண்ட் பிந்தி, ஸ்னேரை ஒட்டி இன்னொரு அடி போலக் கேட்கும். ஃபீட்பேக் குறைவாக இருந்தால் இது மறைந்தே கிடக்கும். சோதிக்க, டிலே சேனலையும் மெட்ரோனோமையும் மட்டும் ஒலிக்கவிட்டு, ஒரு ரிம்ஷாட்டை டிலேக்கு அனுப்பி, ஃபீட்பேக்கைக் கூட்டிக் கடைசி எக்கோவரை கேளுங்கள். குரல், கிட்டார், கீபோர்டு என ஐந்தாறு டிலே உள்ள மிக்ஸில் ஒவ்வொரு எண்ணையும் தேடித் திருத்தும் வேலையை நினைத்தாலே சிங்க்கின் அருமை புரியும்.

சிங்க் பின்தொடர்வது ப்ராஜெக்ட்டின் டெம்போவை, பாடகரை அல்ல. கிளிக் இல்லாமல் வாசித்த பாட்டை 120 பிபிஎம் ப்ராஜெக்ட்டில் போட்டால் `1/4` எக்கோ 500-இல்தான் விழும். முதலில் டெம்போ மேப் போட வேண்டும். பாட்டின் நடுவே வேகம் கூடினால், காந்த நாடா எக்கோ பாணி டிலேக்களில் ஒலித்துக்கொண்டிருக்கும் எக்கோவின் சுருதி ஏறிவிடும். அந்த இடத்துக்கு முந்தைய பாரிலேயே ஃபீட்பேக்கை இறக்கிவிட்டால் தப்பலாம்.

எக்கோவை வேண்டுமென்றே சற்று இழுத்துவிட நினைத்தால் மில்லி செகண்டே வசதி: 468.75-க்குப் பதில் 480 என்று வைத்துப் பாருங்கள்.

டேப் மேடைக்கானது. டிரம்மர் கிளிக் இல்லாமல் வாசிக்கும்போது வேறு வழியும் இல்லை. விரல் 10 மில்லி செகண்ட் தவறினால் நான்காவது எக்கோவில் அது 40 ஆகும். பல பெடல்கள் தொடர்ந்து தட்டியவற்றின் சராசரியை எடுக்கும், சில கடைசி இரண்டு தட்டை மட்டும் பார்க்கும். உங்களுடையது எது என்று முன்பே பார்த்துக்கொண்டு, ஃபீட்பேக்கை இரண்டு மூன்று எக்கோவோடு நிறுத்துங்கள்.