சில்வர் ஓக் இலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு: லூமினாசிட்டி மாஸ்க், பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, ஃபோட்டோஷாப்பில் லூமினாசிட்டி மாஸ்க் போட்டுத் தரும் பேனல் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. மரத்துக்குப் பின்னால் வெளுத்துப்போன வானத்தை எடுத்துவிட்டு வேறு வானம் வைக்க உதவுமா? வாங்கலாமா?" அதே வகைப் பேனல் ஒன்று என் கணினியில் பல ஆண்டுகளாக இருக்கிறது. போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மாஸ்க், சேனல், லேயர் என்றால் என்ன என்று நண்பருக்கும் தெரியும், இதைப் படிப்பவர்களுக்கும் தெரியும். அடிப்படைக்குள் நான் போகவில்லை. படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க்காக மாற்றும் இந்த முறையை 2006 வாக்கில் பரவலாக்கியவர் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் டோனி கைப்பர். நிலக்காட்சிக்கு இதைப் போல நேர்மையான கருவி வேறில்லை என்று இன்றும் சொல்வேன். பாறையில் விழும் வெயிலை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டுமா, மேகத்தின் நடுச்சாயலை மட்டும் தூக்க வேண்டுமா, இது அழகாகச் செய்துவிடும். தேர்வின் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடினாலும் தெரியாது.

என் கோபமெல்லாம் ஒன்றின்மேல்தான். வானத்தை மாற்றிய பிறகு ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு இலைக்கும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. திரையில் சிறிதாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. ஆறடி அகலத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினால் மரம் முழுவதும் அதுதான் தெரியும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பறைக்கு அப்படி ஒரு படம் கேட்டார்கள். காப்பிச் செடிகளுக்கு நிழல் தர வளர்த்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, மேலே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த வானம். உரிமையாளருக்கு மழை மேகம் திரண்ட கருநீல வானம் வேண்டுமாம். சில்வர் ஓக் இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரணி இலைபோல் பிரிந்து பிரிந்து இருக்கும். வானத்தின் வெளிச்சம் புகாத இடம் அந்த மரத்தில் இல்லை.

பேனலைத் திறந்து முதல் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது Lights மாஸ்க். பேனல் இல்லாமலே Ctrl+Alt+2 அழுத்தினாலும் அதேதான் வரும். இலைக்கு இது ஏன் சரியாக வருவதில்லை என்பதை எந்தப் பேனலும் சொல்வதில்லை. வெளிச்சத்தைக் கணக்கிடும்போது மூன்று நிறங்களுக்கும் சம பங்கு கிடையாது. நம் கண் பச்சையை அதிகம் உணர்வதால் பச்சைக்கு ஏறக்குறைய 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. இலையோ பச்சை. அதாவது இலை எந்த நிறத்தில் மிகப் பிரகாசமாக இருக்கிறதோ அந்த நிறத்துக்கே அதிகப் பங்கு கொடுத்து, இலையையும் வானத்தையும் பிரிக்கச் சொல்கிறோம். வெயில் பட்ட இலை அந்த மாஸ்க்கில் பாதி வானமாகவே நிற்கும்.

வேண்டியது ஒதுக்கப்பட்ட அந்த 11 பங்குதான். Channels பகுதியில் மூன்று சேனல்களையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். நீலச் சேனலில் இலை கறுத்து நிற்கும். இலை நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, வானமோ வெள்ளையாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் அங்கே பிரகாசமாகத்தான் இருக்கும். அதைப் பிரதி எடுத்து, Levels கொண்டு கறுப்பை 40 அளவுக்கும் வெள்ளையை 230 அளவுக்கும் நெருக்கினேன். அதோடு நிறுத்திவிட வேண்டும். கிளை ஓரத்தில் மிஞ்சும் சாம்பல் நிறம் அழுக்கு அல்ல, பாதி இலையும் பாதி வானமும் கலந்த புள்ளிகளின் உண்மையான அளவு அதுதான். அதையும் வெட்டிக் கறுப்பு வெள்ளையாக்கினால் கிளை ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். அடிமரத்தில் வெளிச்சம் பட்ட திட்டுகளை மட்டும் பிரஷை Overlay முறையில் வைத்துக் கறுப்பால் தடவினேன். அந்த முறையில் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், இருண்ட சாம்பல் மட்டும் கறுக்கும்.

இதைச் செய்வதற்கு முன் ரா கோப்பை மாற்றும் கட்டத்திலேயே இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். ஒன்று, கிளை ஓரத்து ஊதா நிறத்தை லென்ஸ் திருத்தத்தில் அகற்றுவது. ஊதா என்பது நீலச் சேனலில் பிரகாசம், அதனால் விட்டுவைத்தால் மாஸ்க் அதை வானமாக எண்ணிக் கிளையை அரித்துவிடும். மற்றது, கூர்மைப்படுத்தலைப் பூஜ்ஜியத்தில் வைப்பது. செல்போன் ஜேபெக் படத்தை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். அதில் நிறத் தகவல் பெரும்பாலும் பாதித் தெளிவில்தான் சேமிக்கப்படுகிறது. நீலச் சேனலைப் பெரிதாக்கினால் கிளை ஓரம் படிக்கட்டாக இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்து, மேக வானத்தை மேலே வைத்து மாஸ்க் போட்டேன். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. காரணம் மாஸ்க்கில் இல்லை. ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் வெளிச்சம் 10, பழைய வானம் 100 என்று வைத்தால், ஓரத்தில் பாதிப் பாதி கலந்த புள்ளி 55. புது வானம் 40. பழைய வானம் இல்லாமலே புது வானத்தின் முன் அந்த மரம் நின்றிருந்தால் அந்தப் புள்ளி 10-க்கும் 40-க்கும் நடுவில், 25 ஆக இருந்திருக்கும். மாஸ்க் மிகச் சரியாக 50 சதவீதம் என்று சொல்கிறது. சாதாரண முறையில் 55-இல் பாதியும் 40-இல் பாதியும் சேர்ந்து 47-ஐத் தாண்டிவிடுகிறது. வானத்தையும் இலையையும்விட ஓரம் பிரகாசம். அதுதான் அந்தக் கோடு. மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது போகாது, ஏனென்றால் பழைய வானத்தின் வெள்ளை அந்தப் புள்ளிக்குள்ளேயே கலந்திருக்கிறது.

வான லேயரை Multiply முறைக்கு மாற்றினால் கணக்கு மாறும். 55-ஐ 40 சதவீதத்தால் பெருக்கினால் 22. வேண்டியது 25. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 22 வருவதற்கு மாஸ்க் ஓரத்தில் முழு வெள்ளையாக இருக்க வேண்டும், 50 சதவீதமாக அல்ல. அதாவது மாஸ்க்கின் வெள்ளைப் பகுதியை ஓரிரு புள்ளி அளவு இலைக்குள் நகர்த்திவிட வேண்டும். Filter பட்டியலில் Other என்பதற்குள் இருக்கும் Maximum, 1 அல்லது 2 பிக்சல், போதும். இலையின் உட்பகுதியும் அடிமரமும் இருண்டுவிடாமல் காப்பது மட்டும்தான் பிறகு மாஸ்க்கின் வேலை. இத்தனை மெனக்கெட்டு உருவாக்கிய துல்லியமான மாஸ்க்கைக் கடைசியில் கொஞ்சம் தளர்த்துவதுதான் கோட்டை ஒழிக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. மிளகுக் கொடியின் நுனிகூட மேகத்தின் முன் சுத்தமாக நின்றது.

பழைய வானம் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தால்தான் இது நடக்கும். நீல வானத்தின்மேல் பெருக்கினால் இரண்டு நீலமும் கூடி மை கொட்டியதுபோல் ஆகிவிடும். புது வானம் பழையதைவிட இருண்டதாக இருப்பதும் அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் படம் என்னைப் படாதபாடு படுத்தியது. சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளிச் சாம்பல். மலைக்காற்று அடித்தால் பாதி இலைகள் புரண்டு அடிப்புறத்தைக் காட்டும். அந்தச் சாம்பலுக்கு நிறமே கிடையாது, மூன்று சேனலிலும் ஒரே அளவில் நிற்கும். வெள்ளை வானத்துக்கும் நிறம் கிடையாது. எந்தச் சேனலை எடுத்தாலும், இரண்டு சேனல்களை Calculations வழியாகக் கழித்தாலும் பிரிக்க வழியில்லை. மாஸ்க் அந்த இலைகளை அரை வானமாக எண்ணி மேகத்தின் கருநீலத்தை அவற்றின்மேல் பூசிவிட்டது. புரண்ட இலைகள் எல்லாம் மரத்தில் கறைபோல் தெரிந்தன. கடைசியில் சிறிய பிரஷை எடுத்து ஒவ்வொரு கொத்தாகக் கையால் மறைக்க வேண்டியதாயிற்று. பேனல் விளம்பரத்தில் காட்டும் மரங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேம்புக்கும் புளிக்கும்கூட இப்படி வராது. சேலத்தில் எடுத்த புளியமரப் படங்களில் நீலச் சேனல் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துத் தந்திருக்கிறது.

மூடுபனி நாள் இன்னும் மோசம். பனி நமக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கிறது, வானத்தில் மட்டும் அல்ல. தூரத்து மரங்களின் கறுப்பு ஏற்கெனவே சாம்பலாக வெளுத்திருக்கும். நீலச் சேனலில் Eyedropper வைத்துப் பார்த்தால், பக்கத்து மரத்தின் இலை 30 காட்டும் படத்தில், இரண்டு வரிசை தள்ளி நிற்கும் மரத்தின் இலை 150-ஐத் தாண்டிவிடும். அதை Levels கொண்டு இழுத்துப் பிரித்துவிடலாம். ஆனால் வெளுத்த மரத்துக்குப் பின்னால் தெளிவான கருமேகம் நிற்பது இயற்கையில் நடக்காத காட்சி. மாஸ்க் சுத்தமாக வந்த படத்தையும் பார்க்கிறவர்கள் ஏதோ இடிக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

அதனால், தம்பி, என் பதில் இதுதான். பேனல் நல்ல பேனல். நிலக்காட்சியில் வெளிச்சத்தைச் சரிசெய்வதற்கு இன்றைய விலைக்கு அது கொள்ளை மலிவு. நீங்கள் கேட்ட வேலைக்கு அதை வாங்காதீர்கள். அதற்கு வேண்டிய நீலச் சேனல், Levels, Multiply, Maximum நான்கும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஏற்காட்டு மூடுபனியில் எடுத்த படத்துக்கு வானம் மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் இப்போது முடியாது என்று சொல்லிவிடுகிறேன். என் பெயரைச் சொல்லி உங்களிடம் வந்தாலும் அதையே சொல்லுங்கள்.