லயன் குடும்பத்துக்கு மான்டூ சோதனையா, இரத்தப் பரிசோதனையா?

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில், சளியில் காசநோய்க் கிருமி காணப்பட்ட ஒருவரோடு ஒரே லயன் அறையில் உறங்கிய மனைவிக்கு உறங்குநிலைத் தொற்று, அதாவது நோயாக மாறாமல் கிருமி உடலில் தங்கியிருக்கும் நிலை, உள்ளதா என அறிய இரு வழிகள் உள்ளன.

மான்டூ ஊசியைத் திங்களன்று முன்கையில் போட்டால், 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள், அதாவது புதன் அல்லது வியாழனன்று, சிவப்பையன்றித் தடிப்பையே அளக்க வேண்டும். கொழுந்துச் சம்பளத்தை இழக்க மனமின்றி வெள்ளியன்று வந்தால் அளவை நம்ப முடியாது. 16 மில்லிமீற்றர்த் தடிப்பைப் பிறப்பில் போட்ட பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் தலையில் கட்டுவதும் தவறு; அதன் தாக்கம் பத்தாண்டுகளுக்குப் பின் பெரிதும் மங்கிவிடும்.

இரத்தப் பரிசோதனையைப் பீ.சீ.ஜீ. குழப்பாது, ஒரே வருகையும் போதும். ஆனால் செலவு அதிகம், குருதிக் குழாயும் குறித்த மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். தடிப்பைத் தோட்டத்திலேயே அளக்க ஆளிருந்தால், மான்டூவையே நான் தேர்வேன்.

இரண்டுமே தொற்றை நோயிலிருந்து பிரித்துக் காட்டா. ஆகவே இருமல், காய்ச்சல், எடைக்குறைவு உண்டா எனக் கேட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்து, நோயில்லை என உறுதிசெய்த பின்பே நோய் வராமல் தடுக்கும் ஐசோநயசிட் மாத்திரை ஆறு மாதத்துக்குத் தொடங்கப்படும். இடையில் கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, நோயில்லையெனக் கண்டால், எந்தச் சோதனைக்கும் காத்திராமல் மருந்து தொடங்கலாம்.